புரோட்டீன் மாஸ்க்கா, ஈரப்பத மாஸ்க்கா: சீப்பில் கழன்ற ஒரு முடியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எந்த பாமசிக்குள் போனாலும் ஹெயார் மாஸ்க் அடுக்கியிருக்கும் தட்டில் இரண்டு வகை இருக்கும். ஒரு வகையில் கெரட்டின், சில்க், புரோட்டீன் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். மற்றதில் ஷியா பட்டர், தேங்காய், ஈரப்பதம் என்று இருக்கும். ஆனால் இரண்டு டப்பாவிலும் கீழே சின்ன எழுத்தில் "காய்ந்து சேதமான முடிக்கு" என்றே போட்டிருப்பதால், முதல்தடவை வாங்க வருபவர் விலையையும் வாசனையையும் பார்த்து ஏதோ ஒன்றை எடுத்துப் போகிறார். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. நான் இரண்டு மாதம் கிழமைக்கு ஒருதடவை புரோட்டீன் மாஸ்க் போட்டேன். டை, ரீபொண்டிங் எதுவும் படாத தடித்த முடி என்னுடையது. இரண்டாம் மாத முடிவில் அது தும்பு மாதிரி ஆகிவிட்டது, சீப்புப் போட்டால் சடசடவென்று முறிந்தது. காய்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதே மாஸ்க்கைப் போட்டேன். இன்னும் மோசமானது.

அதனால் இரண்டும் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். வெளியே ஓட்டுக்கூரை அடுக்கினது போல மெல்லிய செதில்கள், உள்ளே நார்கள். ப்ளீச், ரீபொண்டிங், நிரந்தர டை, அதிக சூடு இவையெல்லாம் செதில்களை உடைத்து உள்ளே இருக்கும் புரதப் பிணைப்புகளையும் அறுக்கின்றன. புரோட்டீன் மாஸ்க்கில் இருப்பது துண்டு துண்டாக வெட்டப்பட்ட புரதம். சிறிய துண்டுகள் கொஞ்சம் உள்ளே போகும், பெரியவை மேலே மெல்லிய படலமாக ஒட்டும். அதனால் தொளதொளத்த முடி சில நாட்களுக்கு விறைப்பாக நிற்கும். அறுந்த பிணைப்பு மறுபடி கட்டப்படுவதில்லை, ஒட்டின புரதமும் அடுத்தடுத்த முழுக்கில் கழுவுப்பட்டுப் போகும்.

ஈரப்பத மாஸ்க் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அது முடிக்குள் தண்ணீரை ஊற்றி வைப்பதில்லை. உண்மையில் ப்ளீச் செய்த முடிதான் நல்ல முடியைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், ஆனாலும் தொட்டால் காய்ந்ததாகவே தெரியும், ஏனென்றால் நாம் விரலால் உணர்வது பெரும்பாலும் மேற்பரப்பின் சொரசொரப்பைத்தான். இந்த மாஸ்க்கில் இருக்கும் கொழுப்பு அல்கஹோல், எண்ணெய், முடியில் ஒட்டிக்கொள்ளும் கொண்டிஷனிங் பொருட்கள், சிலவற்றில் சிலிக்கோன், எல்லாம் சேர்ந்து செதில்களைப் படியவைத்து வழுவழுப்பாக்கும். முடியோடு முடி உரசுவது குறையும், வளைந்து கொடுக்கும், சிக்கு விழாது.

சரி, அப்போது யாருக்கு எது? சுருள் முடிக்கு இது, நேரான முடிக்கு அது என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்தப் பிரிவு அவ்வளவு உதவாது. முடியின் வடிவத்தைவிட அதன் மேல் இதுவரை என்ன செய்திருக்கிறது என்பதுதான் முக்கியம். எதுவுமே செய்யாத முடிக்கு, சுருளோ நேரோ, பெரும்பாலும் ஈரப்பத மாஸ்க்கே போதும். மெல்லிய இழையுள்ள முடி புரோட்டீனைக் கொஞ்சம் தாங்கும், கனம் வந்தது போலக்கூடத் தெரியும். தடித்த முடியோ சீக்கிரம் விறைத்துவிடும். ப்ளீச், ரீபொண்டிங், அடிக்கடி அயர்ன் என்று போன முடிக்குத்தான் புரோட்டீன் பற்றி யோசிக்க வேண்டும். அதிலும் முழு முடிக்கும் அல்ல, அடிபட்ட பகுதிக்கு மட்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரும் கொஞ்சமும்தான் வளரும். 50 செ.மீ. நீளமான முடி என்றால் நுனி மூன்று வருஷத்துக்கு மேல் பழையது, அடியோ போன மாதம் வந்தது. இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

இதை நான் கற்றுக்கொண்டது என் சித்தியின் மகளுடைய தலையில்தான். தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறாள். வரும்போது முடி 50 செ.மீ. இருந்தது. 14 மாதத்துக்கு முன் ரீபொண்டிங் செய்தது, பிறகு கடைசி 10 செ.மீ. அளவில் ப்ளீச் போட்டு நிறம் ஏற்றியது. "அக்கா, மேல் முடி வைக்கோல் மாதிரி நிக்குது, நுனி ரப்பர் மாதிரி இழுபடுது, ரெண்டுக்கும் கெரட்டின் மாஸ்க்தான் போடுறன், ஒண்டும் சரிவருதில்லை" என்றாள். அவளுக்குச் செய்ததையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன், உங்கள் முடிக்கு நீங்களே செய்து பார்க்கலாம்.

முதல் வேலை கழுவுவது. மாஸ்க் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். முடிமேல் பழைய சிலிக்கோன், எண்ணெய், புரோட்டீன் படலம் எல்லாம் ஒட்டியிருக்கும்போது நீங்கள் தொட்டுப் பார்ப்பது முடியை அல்ல, அந்தப் படலத்தை. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவதால் கடினம், சவர்க்காரம் நுரைக்காமல் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியம் முடியிலும் படியும், முடி விறைத்து மங்கிப் போகும், பார்ப்பதற்குப் புரோட்டீன் அதிகமான முடி மாதிரியே இருக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி ஆற்றிலிருந்து வருவது, அவ்வளவு கடினம் இல்லை. ஆனால் ஊரில் படிந்தது இங்கே வந்ததும் தானாகக் கழன்றுவிடாது.

கிளாரிஃபையிங் என்று போட்ட ஷாம்பு ஒன்று வாங்குங்கள், பின்பக்கப் பட்டியலில் ஈடிடிஏ இருந்தால் கடினத் தண்ணீர்ப் படிவுக்கும் கொஞ்சம் உதவும். இரண்டு தடவை நுரைக்க வைத்துக் கழுவுங்கள், இரண்டாவது தடவை இரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அன்றைக்கு எண்ணெய், கொண்டிஷனர், சீரம் எதுவும் வேண்டாம். முடி கீச்சென்று சத்தம் போடும், சிக்கும் விழும். பயப்பட வேண்டாம், அந்த ஒரு நாளைக்குத்தான். தங்கச்சிக்கு இந்த ஒரு கழுவலிலேயே மேல் முடியின் விறைப்பு பாதி போய்விட்டது. ஆகவே அவளுடைய வைக்கோலில் ஒரு பங்கு ஊர்த் தண்ணீரும், மூன்று மாதம் போட்ட மாஸ்க்கும்.

இரண்டாவது, இழுத்துப் பார்ப்பது. தலையிலிருந்து பிடுங்கத் தேவையில்லை, கழுவும்போது கையிலும் சீப்பிலும் கழன்று வரும் முடியில் ஐந்தாறை எடுத்து வையுங்கள். முழு நீளத்துக்கும் கழன்ற முடி என்றால் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் தெரியும், அது வேர்ப்பக்கம். அந்த ஒரே முடியில் அடி, நடு, நுனி மூன்றும் இருக்கிறது, வேறு எங்கும் தேட வேண்டாம். காய்ந்திருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், ஏனென்றால் ஈர முடியும் காய்ந்த முடியும் ஒரே மாதிரி இழுபடாது. பிறகு ஒரு அடிமட்டத்தை மேசையில் வைத்து, 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கை விரலாலும் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். சுருள் முடி என்றால் முதலில் சுருளை நேராக்கி அங்கிருந்துதான் அளக்க வேண்டும், சுருள் விரிவதை இழுபடுவதாக எண்ணிவிடக் கூடாது.

நல்ல ஈர முடி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு, விட்டதும் திரும்பி வரும். 10 செ.மீ. 13 ஆகும், மறுபடி 10 ஆகும். அப்படி இருந்தால் உங்களுக்கு விசேஷமாக எதுவும் தேவையில்லை, சாதாரண கொண்டிஷனரும் எப்போதாவது ஒரு ஈரப்பத மாஸ்க்கும் போதும். இழுத்ததும் கொஞ்சமும் நீளாமல் டப்பென்று முறிந்தால் அது விறைத்த முடி, அதற்கு ஈரப்பத மாஸ்க், புரோட்டீன் கிட்டவும் வரக் கூடாது. இழுக்க இழுக்க சுவிங்கம் மாதிரி 15, 16 என்று போய், விட்டாலும் திரும்பாமல் தொங்கினால், அல்லது அப்படியே மெலிந்து அறுந்தால், அதுதான் புரோட்டீன் கேட்கும் முடி. அப்படிப்பட்ட முடியை ஈரத்தில் விரலுக்குள் நசுக்கினால் ஊறின நூல் மாதிரி வழவழவென்று, உள்ளே ஒன்றுமில்லாதது போல இருக்கும்.

ஒரு முடியை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முடியாவது பார்த்து, பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதை எடுங்கள். கையால் இழுப்பது ஆய்வுகூட அளவு அல்ல, வேகமாக இழுத்தால் நல்ல முடியும் முறியும். தண்ணீர்க் கோப்பையில் முடியைப் போட்டு மிதக்கிறதா அமிழ்கிறதா என்று பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் நம்புவதில்லை. கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருந்தாலே எந்த முடியும் மிதக்கும்.

தங்கச்சியின் முடியில் வந்தது இதுதான். அடியில் இருக்கும் 16 செ.மீ. அளவு ரீபொண்டிங்குக்குப் பிறகு வளர்ந்தது, எதுவும் படாதது. அது 13 வரை போய் ஒழுங்காகத் திரும்பியது, ஒன்று மட்டும் முறிந்தது. நடுவில் ரீபொண்டிங் பட்ட பகுதி 13ஐக் கொஞ்சம் தாண்டியது, திரும்பியது, ஆனால் சோம்பலாக. கடைசி 10 செ.மீ., ப்ளீச்சும் பட்ட இடம், 16 வரை போய் அப்படியே தொங்கியது, ஐந்தில் இரண்டு அறுந்தது. ஒரே தலையில் மூன்று பதில். இத்தனை நாளும் புரோட்டீன் தேவைப்பட்டது ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான நுனிக்கு, அவள் போட்டது முழுத் தலைக்கும்.

மூன்றாவது, டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்தை நம்ப வேண்டாம். பின்பக்கப் பட்டியல் அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரும், ஒரு வீதத்துக்குக் குறைவானவை மட்டும் கடைசியில் எந்த ஒழுங்கிலும் இருக்கலாம். "ஹைட்ரொலைஸ்ட்" என்ற சொல்லோடு கெரட்டின், வீட், சோய், சில்க், கொலாஜன் என்று எதாவது வந்தால் அது புரதம். அது வாசனைப் பொருளுக்கு, அதாவது பர்ஃபியூம் என்ற சொல்லுக்கு, நன்றாக முன்பாகவே இருந்தால் உண்மையான புரோட்டீன் மாஸ்க் என்று எடுக்கலாம். வாசனைக்கும் பிறகு ஒரு மூலையில் இருந்தால் பெயருக்குப் போட்டது, அது கிட்டத்தட்ட ஈரப்பத மாஸ்க்தான். ஈரப்பத மாஸ்க்கில் முதல் ஐந்தாறு பெயருக்குள் சீட்டைல் அல்லது சீட்டியரைல் அல்கஹோல், பெஹென்ட்ரிமோனியம் என்று ஆரம்பிக்கும் ஒன்று, ஏதாவது ஒரு எண்ணெய் அல்லது பட்டர் இருக்கும். அல்கஹோல் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இவை காய வைக்கும் அல்கஹோல் அல்ல, மெழுகு போன்றவை.

கிளிசரின் பற்றி ஒரு சொல். கொழும்பில் காற்றில் எப்போதும் ஈரம், கடற்கரைப் பக்கம் சொல்லவே வேண்டாம். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், முடி உப்பிச் சிலிர்த்து நிற்கும். கழுவிவிடும் மாஸ்க்கில் இருந்தால் பெரிதாகப் பாதிக்காது. பூசி அப்படியே விடும் கிரீமில் முதல் மூன்று நான்கு பெயருக்குள் இருந்தால்தான் யோசியுங்கள், பஸ்ஸில் இறங்கி அலுவலகம் போய்ச் சேரும்போதே வித்தியாசம் தெரியும்.

இப்போது பூசும் முறை. புரோட்டீன் மாஸ்க்கை ஷாம்பு போட்ட பிறகு போட வேண்டும். முடியைத் துவாயால் ஒற்றி, தண்ணீர் சொட்டாத அளவுக்கு எடுங்கள், சொட்டச் சொட்ட இருந்தால் மாஸ்க் கரைந்து வழிந்துவிடும். தங்கச்சியின் நுனிக்கு ஒரு தேக்கரண்டி போதுமாக இருந்தது, தோள் வரைக்குமான முடி முழுக்கவும் சேதம் என்றால் இரண்டு மேசைக்கரண்டி வரும். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தைத் தாண்டாதீர்கள், எழுதாவிட்டால் ஐந்து நிமிடம். நேரம் கூடினால் பலன் கூடும் என்று நினைத்து இரவெல்லாம் விட்டால் விறைப்புத்தான் கூடும். கழுவிய உடனே முடி கொஞ்சம் முரடாகத் தெரியும், அது சரிதான். அதன் மேல் ஈரப்பத மாஸ்க் அல்லது கொண்டிஷனர் போட்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டு "புரோட்டீன் எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஈரப்பத மாஸ்க் சுலபம். அதே மாதிரி ஒற்றின முடியில், காதுக்குக் கீழே இருந்து நுனி வரை, விரலால் பிரித்துப் பூசி பத்து நிமிடம். அகலப் பல் சீப்பால் ஒருதடவை வாரினால் சமமாகப் படும். உச்சந்தலையில் பூச வேண்டாம், இந்த வெயிலுக்கும் வியர்வைக்கும் அது பிசுபிசுத்து அழுக்குச் சேரும். கிழமைக்கு ஒருதடவை போதும்.

புரோட்டீனுக்குக் கிழமைக் கணக்கு வைக்காதீர்கள், முடியின் கணக்கு வையுங்கள். மோசமான நுனிக்கு இரண்டு கிழமைக்கு ஒருதடவை, ரீபொண்டிங் மட்டும் பட்ட முடிக்கு நான்கு ஆறு கிழமைக்கு ஒருதடவை என்று ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன் நான்கைந்து முடியை இழுத்துப் பாருங்கள். இழுத்தது திரும்புகிறது என்றால் அன்றைக்குப் போட வேண்டாம்.

அதிகமாகிவிட்டால் எப்படித் தெரியும்? முடி விறைக்கும், மினுமினுப்புப் போகும், காய்ந்த முடியைக் கசக்கினால் சரசரக்கும், நீளாமல் முறியும், சீப்பிலும் நிலத்திலும் வெள்ளைக் குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் விழும். அப்படி என்றால் கிளாரிஃபையிங் ஷாம்பு ஒருதடவை, அதன் பிறகு மூன்று நான்கு முழுக்குக்கு ஈரப்பத மாஸ்க் மட்டும். எனக்கு நான்காவது முழுக்கில்தான் முடி பழையபடி வளைந்தது. குட்டைத் துண்டுகளுக்குப் பதிலாக வெள்ளைக் குமிழோடு முழு முடியாகவே கொத்துக் கொத்தாகக் கழன்றால் அது வேறு கதை. அது வேரில் இருக்கும் பிரச்சினை, மாஸ்க்கால் ஒன்றும் ஆகாது, தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சமையலறைக்குப் போகிறவர்களுக்கு: முட்டையில் புரதம் உண்டு, ஆனால் அந்தப் புரதத் துண்டு மிகப் பெரியது, முடிக்குள் போகாது, சுடுதண்ணீரில் கழுவினால் தலையிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரும்பாடு. தயிரும் அப்படித்தான், வழுவழுப்பாக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் வேறு. அதில் நிறைந்திருக்கும் லோரிக் அமிலம் முடிக்குள்ளே போகக் கூடியது, முழுகுவதற்கு முன் பூசினால் கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வில் காட்டியிருக்கிறார்கள், அதே சோதனையில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. முழுகுவதற்கு முன் இரண்டு தேக்கரண்டி எண்ணெயை அடிபட்ட பகுதியில் தடவி, ஒரு மணித்தியாலம் விட்டு முழுகுங்கள். சிலருக்கு, முக்கியமாகத் தடித்த முடிக்காரருக்கு, இதுவே முடியை விறைக்க வைக்கும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள்.

சலூனில் "கெரட்டின் செய்வோம்" என்று சொல்வதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் இரசாயனமும் சூடான அயர்னும் வைத்து முடியை நேராக்கும் வேலை, புரோட்டீன் மாஸ்க் அல்ல. சிலவற்றில் ஃபோர்மல்டிஹைட் அல்லது சூட்டில் அதை வெளிவிடும் பொருள் இருக்கும், கண்ணும் மூக்கும் எரிந்தால் அதனால்தான். ஏற்கெனவே ரப்பராக இழுபடும் நுனிக்கு இன்னொரு அயர்ன் சூடு தாங்காது, என்ன பொருள் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தங்கச்சிக்கு ஆறு கிழமை இப்படிப் போனது. முதல் கிழமை கிளாரிஃபையிங், பிறகு நுனி 10 செ.மீ.க்கு மட்டும் புரோட்டீன், மேல் முழுக்க ஈரப்பத மாஸ்க். இரண்டாம் கிழமை ஈரப்பதம் மட்டும். மூன்றாம் கிழமை நுனிக்குப் புரோட்டீன், நடுப்பகுதிக்கும் ஒரே ஒருதடவை, மெல்லிசாக. நான்காம் கிழமை மறுபடி ஈரப்பதம் மட்டும். ஐந்தாம் கிழமை நுனியை இழுத்துப் பார்த்தோம், 14 வரை போய் மெதுவாகத் திரும்பியது, அதனால் புரோட்டீனைத் தள்ளிப் போட்டோம். ஆறாம் கிழமை பழையபடி 15க்குப் போனது, போட்டோம். அடி முடி இப்போது பூப்போல இருக்கிறது, நடுவும் பரவாயில்லை. நுனி இதற்கு மேல் வராது, மாஸ்க் போடும்வரை நிற்கும், விட்டால் பழைய கதைதான். அவளுக்கு மனசில்லைதான், ஆனால் தீபாவளி கழிந்ததும் 5 செ.மீ., தைப்பொங்கலுக்குப் பிறகு இன்னொரு 5 செ.மீ. வெட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த கெரட்டின் டப்பா தேவைப்படாது.